இரத்தான விமானப் பயணச்சீட்டு: முகவரிடம் எழுத்தில் கேட்கவேண்டியவை

ஹரோவில் வாழும் ஓர் இல்லத்தரசி, கொழும்பு சென்று திரும்புவதற்காகப் பயண முகவர் ஒருவரிடம் இரண்டு பயணச்சீட்டுகளை வாங்கி, 1,460 பவுண்களை டெபிட் அட்டையால் செலுத்தினார் எனக் கொள்க. புறப்படும் முன்னரே விமான நிறுவனம் அப்பயணத்தை இரத்துச் செய்தது. ஆறு வாரங்களாகியும் பணம் வரவில்லை. “விமான நிறுவனம் இன்னும் தரவில்லை” என்கிறார் முகவர். “முகவரிடமே கேளுங்கள்” என்கிறது விமான நிறுவனம்.

ஐக்கிய இராச்சியத்திலிருந்து புறப்படும் விமானத்தை நிறுவனமே இரத்துச் செய்து, பயணி மாற்றுப் பயணத்தை ஏற்காவிடின், கட்டணத்தை 7 நாட்களுக்குள் மீளளிக்கவேண்டும் என்பது சட்டம். பயணி தாமே இரத்துச் செய்தால் இவ்விதி பொருந்தாது. சீட்டின் நிபந்தனைகளே பொருந்தும்.

பணம் எங்கே நிற்கிறது என்பதை முதலில் அறியவேண்டும். வங்கிக் கணக்கு அறிக்கையில் விமான நிறுவனத்தின் பெயர் இருந்தால், பணம் பொதுவாக நேரே அட்டைக்குத் திரும்பும். முகவரின் பெயர் இருந்தால், அவர் வழியாகவே வரும். சிறிய முகவர்கள் பலர் மொத்த விற்பனை முகவரிடமிருந்து சீட்டுப் பெறுவதால், இடையில் மூன்றாமவரும் இருக்கலாம்.

அடுத்து, சீட்டில் உள்ள 13 இலக்கப் பயணச்சீட்டு எண்ணை விமான நிறுவனத்திடம் கூறி, அச்சீட்டுக்குப் பணம் மீளளிக்கப்பட்டதா எனக் கேட்கவேண்டும். ஆறு எழுத்து முன்பதிவுக் குறியீடு இதற்குப் போதாது. மீளளிக்கப்படவில்லை எனில், முகவர் விண்ணப்பிக்கவில்லை அல்லது விண்ணப்பம் நிலுவையில் உள்ளது. மீளளிக்கப்பட்டது எனில், பணம் முகவர் தரப்பிலேயே உள்ளது.

இவ்விரண்டையும் அறிந்தபின் அவர் எழுதும் கடிதம் இவ்வாறு அமையலாம்:

“அன்புடையீர்,
மே 4ஆம் திகதிக்குரிய எமது கொழும்புப் பயணத்தை விமான நிறுவனம் இரத்துச் செய்தது. இரு பயணச்சீட்டு எண்களும் கீழே உள்ளன. நான் உங்களுக்குச் செலுத்திய தொகை 1,460 பவுண்கள். மாற்றுப் பயணமோ பற்றுச்சீட்டோ வேண்டாம், பணமே வேண்டும். பணம் மீளப்பெற நீங்கள் விண்ணப்பித்த திகதி, யாரிடம் விண்ணப்பித்தீர்கள், பணம் உங்களுக்குக் கிடைத்த திகதி, நீங்கள் ஏதேனும் கழிப்பதாயின் அதற்கான நிபந்தனை ஆகியவற்றை எழுத்தில் அறியத்தரவும். 14 நாட்களுக்குள் பணமோ இவ்விவரங்களோ கிடைக்காவிடின் எனது வங்கியை நாடுவேன்.”

இதனை ஆங்கிலத்தில் மின்னஞ்சலாக அனுப்புதல் நன்று. வங்கி பின்னர் இதன் பிரதியைக் கேட்கும். முகவர் பதிலளிக்காவிடின், வங்கியிடம் ‘சார்ஜ்பேக்’ எனப்படும் அட்டைக் கொடுப்பனவு மீட்பைக் கோரலாம். இதற்குப் பொதுவாக 120 நாள் எல்லை உண்டு. எனவே “அடுத்த வாரம்” என்னும் வாய்மொழி உறுதியை நம்பி அக்காலத்தைக் கடத்தலாகாது.

இலவச ஆலோசனைக்கு: சிட்டிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் உதவிச் சேவை, 0808 223 1133.