பெருந்தொகைத் துண்டின் இரு முனைகள்

31, -41, 59, 26, -53, 58, 97, -93, -23, 84. இந்தப் பத்து எண்களில் அடுத்தடுத்து நிற்கும் சிலவற்றை மட்டும் வெட்டி எடுத்துக் கூட்டலாம். நடுவில் எதையும் தாண்டக்கூடாது. எந்தத் துண்டு மிகப் பெரிய தொகையைத் தரும்? விடை 187. 59-இல் தொடங்கி 97-இல் முடியும் ஐந்து எண்கள்தான் அதைத் தருகின்றன. இடையில் -53 இருந்தாலும் அதைச் சுமந்துகொண்டு போவதே லாபம். எண்கள் எல்லாம் நேர்மமாக இருந்தால் முழு வரிசையையும் எடுத்துவிடலாம், கேள்வியே எழாது. எதிர்ம எண்கள் கலந்திருப்பதால்தான் எங்கே வெட்டுவது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பத்து எண்களை எடுத்துக்காட்டாகத் தந்தவர் ஜான் பென்ட்லி. ‘புரோகிராமிங் பேர்ல்ஸ்’ என்ற தம் தொடரில் 1984-இல் இந்தக் கணக்கின் கதையையும் சொன்னார். பிரவுன் பல்கலைக்கழகத்தின் உல்ஃப் கிரெனாண்டர் 1977-இல் எண்மப் படங்களில் உருவமைப்புகளைத் தேடிக்கொண்டிருந்தார். படத்தின் எந்தச் செவ்வகப் பகுதியில் தொகை மிக அதிகமோ, அங்கேதான் தேடும் அமைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். இரு பரிமாணத்தில் கணக்கு மிக மெதுவாக ஓடியதால் அதை ஒற்றை வரிசையாக எளிமைப்படுத்திப் பார்த்தார். மைக்கேல் ஷாமோஸ் ஒரே இரவில் வேகமான வழி ஒன்றைக் கண்டுபிடித்தார். சில நாள் கழித்து கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கருத்தரங்கு ஒன்றில் அவர் இதை விவரித்தபோது, கேட்டுக்கொண்டிருந்த புள்ளியியலாளர் ஜே கடானே ஒரு நிமிடத்துக்குள் அதைவிட வேகமான வழியைச் சொல்லிவிட்டார். வரிசையை ஒரே ஒரு முறை கடந்தால் போதும். அந்த நெறிமுறை இன்று அவர் பெயரால் வழங்குகிறது.

கிரெனாண்டருக்கு வேண்டியிருந்தது படத்தில் அமைப்பு இருக்கும் இடம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் இந்த நெறிமுறையைச் சொல்லித்தரும் பாடங்களில் பெரும்பாலானவை 187 என்ற தொகையோடு நின்றுவிடுகின்றன. அந்தத் தொகை எங்கிருந்து எங்கு வரை என்று கேட்டால், சிறியதாகத் தோன்றும் அந்தக் கூடுதல் வேலைக்குள் பல முடிவுகள் ஒளிந்திருப்பது தெரியும்.

கடானேயின் வழி எளிமையானது. இடமிருந்து வலமாக நடக்கும்போது, இப்போதைய எண்ணில் முடியும் சிறந்த துண்டின் தொகையைக் கையில் வைத்திருக்க வேண்டும். அது நடப்புத் தொகை. அடுத்த எண்ணுக்கு வரும்போது, இதுவரை சேர்ந்த நடப்புத் தொகை எதிர்மமாக இருந்தால் அதைச் சுமப்பதில் பயனில்லை. அதை உதறிவிட்டு இந்த எண்ணிலிருந்தே புதிதாகத் தொடங்கலாம். இல்லையென்றால் இந்த எண்ணையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு அடியிலும் நடப்புத் தொகை இதுவரை கண்ட உச்சத்தைத் தாண்டினால், அதுவே புதிய உச்சம்.

முடிவிடத்தைக் குறிப்பது சுலபம்: உச்சம் மாறும் கணத்தில் நிற்கும் இடமே முடிவிடம். தொடக்க இடம்தான் சிக்கல். புதிதாகத் தொடங்கும் கணத்தில் அந்தத் துண்டு உச்சத்தைத் தொடுமா என்பது தெரியாது. உச்சத்தைத் தொடும் கணத்திலோ துண்டு எங்கே தொடங்கியது என்பது முன்பே கடந்துபோன செய்தி. ஆகவே தொடக்கத்துக்கு இரண்டு மாறிகள் வேண்டும். ஒன்று நடப்புத் துண்டின் தற்காலிகத் தொடக்கம். மற்றது உச்சத் துண்டின் உறுதியான தொடக்கம். உச்சம் மாறும்போது மட்டும் முதலாவது இரண்டாவதற்குள் நகலாகும். பைத்தான் மொழியில் இப்படி எழுதலாம்:

```python
def best_range(a):
    best = cur = a[0]
    start = end = temp = 0
    for i in range(1, len(a)):
        if cur < 0:
            cur = a[i]
            temp = i
        else:
            cur = cur + a[i]
        if cur > best:
            best = cur
            start = temp
            end = i
    return start, end, best
```

இட எண்கள் 0-இலிருந்து தொடங்குகின்றன. பென்ட்லியின் வரிசையில் முதல் எண்ணில் உச்சம் 31. அடுத்து -41 சேர்ந்ததும் நடப்புத் தொகை -10 ஆகிறது. அதனால் 2-ஆம் இடத்தில் 59 வரும்போது பழையது உதறப்படுகிறது, `temp` 2 ஆகிறது, உச்சம் 59 ஆகிறது. 26 சேர்ந்து 85. -53 அதை 32-க்கு இறக்குகிறது. ஆனால் 32 நேர்மம் என்பதால் துண்டு அறுபடவில்லை, உச்சம் மட்டும் 85-இலேயே நிற்கிறது. 58 சேர்ந்து 90, 97 சேர்ந்து 187. அதன்பின் 94, 71, 155 என்று போய் உச்சத்தை மறுபடி எட்டாமலே வரிசை முடிகிறது. விடை: 2 முதல் 6 வரை.

இதில் அடிக்கடி நடக்கும் தவறு, `temp` எதற்கு என்று அதை விட்டுவிட்டு, புதிதாகத் தொடங்கும்போதே `start`-ஐ மாற்றிவிடுவது. வேடிக்கை என்னவென்றால், பென்ட்லியின் வரிசையில் அந்தத் தவறு வெளிப்படாது. 59-க்குப் பிறகு அங்கே எந்த இடத்திலும் புதிய தொடக்கம் நிகழவில்லை. -93-க்குப் பதில் -200 என்று மாற்றிப் பார்த்தால் குட்டு உடையும். நடப்புத் தொகை -13 ஆகி, 8-ஆம் இடத்தில் புதிய துண்டு தொடங்குகிறது. தவறான நிரலில் தொடக்கம் 8 ஆகிவிடும், முடிவு 6-இலேயே நிற்கும். 8-ஆம் இடத்தில் -23, அடுத்து 84. அங்கும் புதிய தொடக்கம் நேர்வதால் கடைசியில் அது 9 ஆகிவிடும். ‘தொடக்கம் 9, முடிவு 6’ என்பதே அச்சாகும். இந்தத் தவறின் அடையாளம் எப்போதும் இதுதான்: தொடக்கம் முடிவைத் தாண்டி நிற்கும். தொகை மட்டும் 187 என்று சரியாகவே வரும். தொகையை மட்டும் சோதிப்பவர் கண்ணில் இது படாது. பைத்தானில் இப்படித் தலைகீழான எல்லைகளைக் கொடுத்து வெட்டினால் பிழைச் செய்திகூட வராது, வெற்றுப் பட்டியல் ஒன்று சத்தமில்லாமல் வந்து சேரும்.

அடுத்தது ஒற்றை எண் துண்டுகள். -8, -3, -6, -2, -5 என எல்லாமே எதிர்மமாக இருக்கட்டும். எந்த எண்ணோடு எதைச் சேர்த்தாலும் தொகை குறையும். அதனால் சிறந்த துண்டு -2 மட்டுமே, அதாவது 3 முதல் 3 வரை. மேலே உள்ள நிரல் `best`-ஐ `a[0]`-இல் தொடங்குவதால் இதைச் சரியாகச் சொல்லும். பலர் வழக்கம்போல் `best = 0` என்று தொடங்குவார்கள். அப்போது எந்த எண்ணும் 0-ஐத் தாண்டாது. `start`, `end` இரண்டும் தொடக்க மதிப்பிலேயே நிற்கும். ‘0 முதல் 0 வரை, தொகை 0’ என்று விடை வரும். அந்த இடத்திலோ -8 இருக்கிறது. ஒரே எண் உள்ள வரிசையில் சுழற்சி ஒருமுறைகூட ஓடாது. அங்கேயும் `a[0]`-இல் தொடங்கியதுதான் காப்பாற்றுகிறது.

பென்ட்லி வேறொரு வரையறையை வைத்துக்கொண்டார். எல்லாம் எதிர்மமானால் எதையும் எடுக்காத வெற்றுத் துண்டே சிறந்தது, அதன் தொகை 0 என்றார். இரண்டும் செல்லும். ஆனால் தொகை மட்டும் கேட்கும்போது பிரச்சினை தராத வெற்றுத் துண்டு, இட எண் கேட்கும்போது சங்கடமாகிறது. தொடக்கமும் முடிவும் சேர்ந்தே உள்ளடக்கம் என்றால், ‘3 முதல் 3 வரை’ என்பது ஓர் எண்ணைக் குறிக்கும். எதுவுமில்லை என்பதைக் குறிக்க வழியில்லை. முடிவிடத்தை உள்ளே சேர்க்காமல், துண்டு முடிந்து அடுத்த இடத்தைச் சொல்லும் வழக்கம் இதற்கு உதவும். அப்போது 3, 4 என்றால் ஓர் எண். 3, 3 என்றால் வெறுமை. முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்தால் நீளம். -3, 0, -2 என்ற வரிசையில் நடுவிலுள்ள 0-ஐ எடுப்பதும் ஒன்றும் எடுக்காததும் தொகையில் ஒன்றே. வேறுபாடு தெரிவது இட எண்களில் மட்டும்.

இனிச் சமநிலை. ஒரே உச்சத் தொகையைப் பல துண்டுகள் தரலாம். எதைச் சொல்வது? நிரலில் இரண்டே குறிகள் இதைத் தீர்மானிக்கின்றன, எழுதியவர் யோசித்திருந்தாலும் இல்லாவிட்டாலும். முதல் குறி `cur < 0`. நடப்புத் தொகை சரியாக 0 ஆகும்போது இது துண்டை நீட்டிக்கும். `<=` என்று போட்டால் அறுத்துப் புதிதாகத் தொடங்கும். ஆகவே ஒரே இடத்தில் முடியும் சமத் துண்டுகளில் முன்னது நீண்டதையும் பின்னது குறுகியதையும் தரும். இரண்டாவது குறி `cur > best`. இது முதலில் வந்த முடிவிடத்தைப் பிடித்துக்கொள்ளும். `>=` ஆனால் கடைசியாக வந்ததைப் பிடிக்கும்.

4, -4, 6, -6, 6 என்ற வரிசையில் இதைப் பார்க்கலாம். உச்சத் தொகை 6. அதைத் தரும் துண்டுகள் ஐந்து. `<` உடன் `>` சேர்ந்தால் விடை 0 முதல் 2 வரை. `<` உடன் `>=` என்றால் 0 முதல் 4 வரை. `<=` உடன் `>` என்றால் 2 முதல் 2 வரை. `<=` உடன் `>=` என்றால் 4 முதல் 4 வரை. நான்கு நிரல்களும் சரி, நான்கு விடைகளும் வேறு. ஒரு வேலைக்கு ‘மிக முன்னால் தொடங்குவது, அதிலும் முன்னால் முடிவது’ என்ற விதி வேண்டுமானால் முதல் இணை, அதாவது மேலே எழுதியதே, போதும். அதில் முதலில் முடியும் துண்டே முதலில் தொடங்குவதாகவும் அமைந்துவிடுகிறது.

‘மிகக் குறுகியது’ என்ற விதிக்கு மட்டும் குறிகளை மாற்றினால் போதாது. 0, 0, 3, 0 என்ற வரிசையில் `<=`, `>=` இணை 2 முதல் 3 வரை என்று சொல்லும். வாலில் தொங்கும் 0 தேவையற்றது. `<=`, `>` இணை அதைத் தவிர்க்கும். ஆனால் 2, 1, -5, 3 என்று வந்தால் முதலில் கண்ட 2, 1 என்ற ஈரெண் துண்டிலேயே நின்றுவிடும். 3 என்ற ஒற்றை எண் பின்னால் காத்திருந்தும் பயனில்லை. எனவே தொடக்கத்தில் `<=` வைத்துக்கொண்டு, தொகை சமமாகும்போது நீளத்தையும் ஒப்பிட வேண்டும்:

```python
if cur > best or (cur == best and i - temp < end - start):
```

நிரல் சரிதானா என்று பார்க்க, எல்லாத் துண்டுகளையும் ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்க்கும் மந்தமான நிரல் ஒன்றை எழுதி, இரண்டின் விடைகளையும் ஒப்பிடலாம். வரிசைகள் ஆறேழு எண்களுக்குள் இருக்க, எண்கள் -2 முதல் 2 வரை மட்டும் இருக்கட்டும். பெரிய எண்களில் சமநிலை அரிதாகவே வரும், சிறிய எண்களில் அது திரும்பத் திரும்ப வரும். மந்தமான நிரலிலும் அதே சமநிலை விதி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு சரியான நிரல்கள் ஒன்றையொன்று தவறென்று சொல்லிக்கொண்டிருக்கும்.

இவ்வளவும் முழு எண்களுக்கு. தசமப் பின்னங்களில் ‘சமம்’ என்ற சொல்லே வழுக்கும். கணினியில் 0.1, 0.2 இரண்டையும் கூட்டி 0.3-ஐக் கழித்தால் 0 வராது, மிக மிகச் சிறிய ஒரு நேர்ம எண் எஞ்சும். 0.1, 0.2, -0.3, 1 என்ற வரிசையில் குறுகியதைத் தர வேண்டிய `<=` அந்தத் துளியைப் பார்த்து அறுக்காமல் விட்டுவிடும். அதோடு 1-ஐக் கூட்டும்போது துளி கரைந்து தொகை சரியாக 1 ஆகிவிடும். தொகையில் குறையே இல்லை. துண்டு மட்டும் 3 முதல் 3 வரை என்பதற்குப் பதில் 0 முதல் 3 வரை என்று வரும். பணக் கணக்காக இருந்தால் ரூபாயைப் பைசாவாக மாற்றி முழு எண்களாக வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை நேராது.