தயக்கச் சொற்களை வெட்டுங்கள்

உயர்தரம் முடித்த மாணவர்களின் வேலை விண்ணப்ப மின்னஞ்சல்களைத் திருத்தும்போது ஜஸ்ட், மேபி, ஹோப்புலி ஆகிய மூன்றையும் முதலில் வெட்டுகிறேன். தமிழில் சொன்னால், "சும்மா விண்ணப்பித்துப் பார்க்கிறேன். ஒருவேளை பொருந்துவேன். மே மாதம் வரக்கிடைக்கும் என நம்புகிறேன்" என்பது இப்படி மாறும்: "கணக்கு உதவியாளர் பதவிக்கு விண்ணப்பிக்கிறேன். உயர்தரத்தில் கணக்கீடு படித்தேன். ஓராண்டு கடைக் கணக்கு எழுதினேன். மே 4 முதல் வேலைக்கு வர முடியும்."

மேபி இருந்த இடத்தில் சான்று வந்திருப்பதைக் கவனியுங்கள். சான்று இல்லாமல் சொல்லை மட்டும் வெட்டினால் அது வீண் பெருமையாகிவிடும். பெறுபேறு வராதவர் "சித்தியடைவேன்" என எழுதக்கூடாது; "பரீட்சை எழிதியுள்ளேன், பெறுபேறு வரவில்லை" என்பதே உண்மையும் உறுதியும்.

"இன்ஷா அல்லாஹ்" தயக்கச் சொல்லல்ல, அதை விடவேண்டியதில்லை. ஹோப்புலி அதன் மொழிபெயர்ப்புமல்ல.