மஞ்சள் ரிமோட், பச்சை ரிமோட்

பெரியவர்கள் தனியாக இருக்கும் வீட்டிலிருந்து மாலையில் வரும் போன் பல நேரம் இதுதான்: "டிவி வரலப்பா, என்னத்தையோ அழுத்திட்டேன்." கேபிள் இணைப்பு உள்ள வீட்டில் டிவிக்கு ஒரு ரிமோட், செட்டாப் பாக்ஸுக்கு ஒரு ரிமோட். சிவப்புப் பட்டன், சத்தம் கூட்டும் பட்டன், எண்கள் எல்லாம் பெரும்பாலும் இரண்டிலும் உண்டு. "சிவப்புப் பட்டனை அழுத்தவும்" என்று அட்டையில் எழுதிக் கொடுத்தால், எந்தச் சிவப்பு என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

என் மாமியாருக்கு அட்டை தயாரித்தபோது ரிமோட்டிலிருந்துதான் தொடங்கினோம். பாக்ஸ் ரிமோட்டின் தலையில் மஞ்சள் டேப், டிவி ரிமோட்டுக்குப் பச்சை டேப். ஆளுக்கு ஒரு வேலை என்று பிரித்தோம். போடுவது, அணைப்பது, சத்தம் எல்லாம் பச்சை. சேனல் மாற்றுவது மட்டும் மஞ்சள். பாக்ஸை எப்போதும் ஓடவே விட்டோம். கொஞ்சம் மின்சாரம் செலவாகும், பரவாயில்லை. ஒரே பட்டன் போடவும் அணைக்கவும் இருப்பதால், இரண்டு பெட்டிகளில் ஒன்று விழித்து மற்றது தூங்கினால் பிறகு எத்தனை அழுத்தினாலும் சரிப்படாது. அதனால் மஞ்சள் ரிமோட்டின் சிவப்புப் பட்டன்மேல் சின்ன அட்டைத் துண்டை வைத்து டேப் ஒட்டி மூடினோம்.

சத்தத்திலும் இதே சிக்கல். பாக்ஸில் குறைத்துவிட்டால் டிவியில் எவ்வளவு கூட்டினாலும் முனகல்தான் கேட்கும். பாக்ஸ் சத்தத்தை முழுசாக ஏற்றி வைத்துவிட்டு, மஞ்சள் ரிமோட்டின் சத்தப் பட்டன்களையும் மூடிவிட்டோம். மாமியாருக்குப் போதுமான அளவு டிவியில் 22 என்று தெரிந்ததும் அந்த எண்ணையே அட்டையில் போட்டோம். திடீரென்று சத்தமே இல்லாமல் போனால் ம்யூட் விழுந்திருக்கும். பெரும்பாலான டிவிகளில் கூட்டும் பட்டனை ஒருமுறை அழுத்தினாலே அது விலகிவிடும்.

அட்டையின் நடுப்பகுதி இப்படி இருந்தது:

காலை, சாமி பாட்டு: மஞ்சள் 2 1 4
சாயந்திரம், செய்தி: மஞ்சள் 1 2 7
ராத்திரி, சீரியல்: மஞ்சள் 1 0 4
சத்தம்: பச்சை + அல்லது −, 22 வரை

எண்கள் அவர் வீட்டு கேபிளுக்கு உரியவை. உங்கள் வீட்டு எண்ணை அந்தந்தச் சேனலைப் போட்டுப் பார்த்துத்தான் எழுத வேண்டும். சேனல் பெயருக்குப் பதில் அவர் வாயில் வரும் சொல்லை, அவர் பார்க்கும் நேர வரிசையில் எழுதியிருக்கிறோம். இலக்கங்களுக்கு நடுவே இடைவெளி விட்டது, ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும் என்று தெரிவதற்காக.

ஆனால் நிதானமாக அழுத்தினால் வேறொரு தொல்லை. முதல் எண்ணுக்குப் பிறகு பாக்ஸ் சில விநாடிதான் காத்திருக்கும். நடுங்கும் விரல் அடுத்த எண்ணைத் தேடுவதற்குள் அது 1-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு எங்கோ தாவிவிடும். அழுத்தும்போது திரையின் மூலையில் மூன்று இலக்கமும் சேர்ந்து தெரிகிறதா என்று பார்த்தால் காரணம் புரியும். தாமதமாகும் கைக்கு ஃபேவரிட் பட்டியல்தான் வழி. பிடித்த சேனல்களை மட்டும் அதில் சேர்த்துவிட்டால், அந்தப் பட்டனும் கீழ் அம்புக்குறியும் ஓகேயும் போதும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

அட்டையின் பின்பக்கம் கோளாறுகளுக்கு. "No Signal" என்று வந்தால் பச்சை ரிமோட்டில் சோர்ஸ் பட்டனை அழுத்தி "HDMI1" தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் பாக்ஸ் எந்தத் துளையில் செருகியிருக்கிறதோ அதன் பெயரையே எழுதுங்கள். சுவரில் சுவிட்சை அணைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னொரு வரி வேண்டும்: "சுவிட்ச் போட்ட பிறகு, படம் வரும்வரை எதையும் தொடாதீங்க." பாக்ஸ் விழிக்க ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். அந்த இடைவெளியில் பொறுமையிழந்து அழுத்துவதில்தான் பாதிக் குழப்பம் பிறக்கிறது.

அச்சிடுவது கடைசி வேலை. ரிமோட்டை நேர் மேலிருந்து படம் எடுத்து, வேண்டிய பட்டன்களை மட்டும் வண்ணத்தில் விட்டு மற்றதைச் சாம்பலாக்கி, எழுத்தை 26 பாயிண்டுக்குக் குறையாமல் வையுங்கள். பளபளக்கும் லேமினேஷன் வேண்டாம். ட்யூப்லைட் வெளிச்சம் அதில் பட்டு எழுத்தை மறைக்கும். அச்சடித்ததும் அவர் கையில் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் பாருங்கள். அவர் எந்த வரியில் நிற்கிறாரோ அந்த வரியை மாற்றி எழுத வேண்டும். ஞாபகமறதி நோய் முற்றியவருக்கு இரண்டு படிகளே அதிகம். அவருக்கு அட்டையைவிட மூடிய பட்டன்கள்தான் உதவும்.

கேபிள்காரர் சேனல் எண்ணை மாற்றினால் அட்டை பொய்யாகிவிடும். கீழே தேதி போட்டு, எண்களை மட்டும் தனிச் சீட்டில் ஒட்டினால் அதை மட்டும் மாற்றலாம். ஒரே ஒரு சேனல் மட்டும் வராமல், திரையில் சந்தா பற்றி ஏதாவது எழுத்து வந்தால் அது ரிமோட் கோளாறே இல்லை. அதற்கு அட்டையில் வேண்டியது கேபிள்காரரின் போன் நம்பர், பெரிய எழுத்தில்.