தரையில் உட்காராத பை

மலைப்பாதைப் படத்தில் ஒரு முதுகுப்பை. படமும் தெளிவு, பையும் தெளிவு. ஆனாலும் பார்த்தவுடனே தெரிந்துவிடுகிறது, அந்தப் பை அங்கே வைக்கப்பட்டதல்ல, வெட்டி ஒட்டப்பட்டது என்று.

ஒட்டுவதற்கு முன்னால் படத்தில் ஏற்கெனவே விழுந்திருக்கும் நிழலைப் பார்க்க வேண்டும். பாதையோரத்தில் ஒரு நடுகல் நிற்கிறது, அதன் நிழல் இடப்பக்கம் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெயில் வலப்பக்கத்திலிருந்து வருகிறது. பையிலோ இடப்பக்கம்தான் வெளிச்சம். பலர் உடனே பையின் படத்தை இடம் வலமாகத் திருப்பிவிடுவார்கள். வெளிச்சம் சரியாகிவிடும், பையில் அச்சடித்த நிறுவனப் பெயர் இடவலம் மாறித் தெரியும்! பெயரை மட்டும் தனியே வெட்டி மறுபடி ஒட்டியாக வேண்டும்.

அடுத்தது நீளம். நடுகல்லைப்போல் ஒன்றரை மடங்கு நீளம் அதன் நிழல் என்றால், பக்கத்தில் வைக்கும் 50 செ.மீ. பைக்கும் 75 செ.மீ. நிழல் வேண்டும். சூரியன் தரையிலிருந்து சுமார் 34 பாகை உயரத்தில் இருக்கிறது என்பது அதன் பொருள். நிழலின் ஓரம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. சூரியன் புள்ளியல்ல, வானில் அரைப் பாகை அகலமுள்ள வட்டு. அதனால் பையின் அடியில் கத்தியால் கீறியதுபோல் இருக்கும் ஓரம், நுனிக்குப் போகப் போகக் கரைந்து, அங்கே ஒன்றரை செ.மீ. அளவுக்கு மங்கும். நிறமும் கறுப்பல்ல, நீல வானத்தின் வெளிச்சம் நிழலுக்குள்ளும் விழுகிறது. நடுகல்லின் நிழலிலிருந்தே அடர்த்தியையும் சாயலையும் பார்த்து, Multiply லேயரில் வரைவது நல்லது.

இவ்வளவு செய்தும் பை மிதக்கிறதா? கோளாறு அடிவிளிம்பில்தான். துணி மண்ணைத் தொடும் இடுக்கில் வானத்து வெளிச்சம்கூட நுழையாது. நிழலைவிடக் கருத்த மெல்லிய கோடு ஒன்று அங்கே ஓடும். வெயில் படும் பக்கத்திலும் ஓடும். விரல் அகலத்துக்குள் அது மறைந்துவிட வேண்டும், தடித்தால் மை தீட்டியதுபோல் ஆகிவிடும். அடிவிளிம்பு நேர்கோடாகவும் இருக்கக்கூடாது. கூழாங்கல்லின் மேல் துணி சற்று எழும்பும், பள்ளத்தில் தொய்யும். புல் இருந்தால் நாலைந்து தாள்கள் பைக்கு முன்னால் வர வேண்டும். செம்மண் தரை என்றால் பையின் கீழ்ப்பகுதியில் லேசாகச் செம்மை ஏறும். தரையில் கிடக்கும் தோள்பட்டைக்கும் தனி நிழல் உண்டு. பெரும்பாலும் மறந்துபோவது அதுதான்.

ஸ்டூடியோவில் பெரிய மென்விளக்கின் கீழ் எடுத்த பைக்கு இதெல்லாம் பாதிதான் உதவும். ஜிப், மடிப்பு, வார் ஒவ்வொன்றின் குட்டி நிழலும் அதில் மங்கலாக இருக்கும். அவற்றை வெயிலின் நிழலாகக் கூர்மையாக்க முடியாது. அதற்குப் பதில் பையில் பழைய துணியை அடைத்து மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு, அதன் நிழல் குச்சியைப்போல் ஒன்றரை மடங்கு ஆகும்போது எடுத்துவிடலாம். வெயில் அந்தச் சாய்வுக்குக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை வரும்.