மெமோவில் என்ன இருக்க வேண்டும்?

வார்டில் காலை ஷிஃப்ட் 7:30-க்குத் தொடங்குகிறது என்றால், இரவு முழுக்க வேலை பார்த்த நர்ஸ் ஒவ்வொரு படுக்கையாக நின்று நோயாளியின் நிலையைச் சொல்லி ஒப்படைக்கும் நேரம் அது. வாங்கிக்கொள்ள வேண்டியவர் வரவில்லையென்றால், வேறு நோயாளிகளைப் பார்க்கும் ஒருவரிடம் அவசரமாகச் சொல்லிவிட்டுப் போக நேரிடும். தவறுகள் நுழைவது இங்கேதான்.

ஒரு கற்பனை உதாரணம். ஒரு ஸ்டாஃப் நர்ஸ் மார்ச் மாதத்தில் மூன்று நாள் தாமதமாக வருகிறார். அதில் ஒரு நாள், காலை உணவுக்கு அரை மணி முன்பு போட வேண்டிய ரெகுலர் இன்சுலின், நோயாளி சாப்பிட்ட பிறகே போடப்படுகிறது. வார்டு இன்சார்ஜ் சிஸ்டர் கோபத்தில், "தாங்கள் எப்போதும் பொறுப்பின்றித் தாமதமாக வருகிறீர்கள், நோயாளிகளின் உயிருடன் விளையாடுகிறீர்கள்" என்று மெமோ எழுதுகிறார். இதற்கு அந்த நர்ஸ் என்ன பதில் சொல்ல முடியும்? மறுக்கலாம், அழலாம். எந்த நாள், எவ்வளவு நேரம் என்று தெரியாததால் விளக்கம் தர முடியாது.

அதையே இப்படி எழுதலாம்:

"மார்ச் 4, 11, 19 ஆகிய நாட்களில் தாங்கள் பணிக்கு வந்த நேரம், பயோமெட்ரிக் பதிவின்படி முறையே 7:52, 8:05, 7:58. மார்ச் 5 அன்று இதுபற்றித் தங்களிடம் நேரில் பேசினேன். மார்ச் 11 அன்று, தங்களுக்கு ஒதுக்கப்பட்ட நோயாளி ஒருவருக்கு 7:40-க்குப் போட வேண்டிய இன்சுலின் 8:15-க்குப் போடப்பட்டதாக மருந்துச் சார்ட்டில் உள்ளது. இதற்கான தங்கள் விளக்கத்தை ஏழு நாட்களுக்குள் எழுத்தில் தரவும்."

இதில் குணத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அன்று நோயாளியின் சர்க்கரை ஏறியிருந்தாலும் கடிதம் அதைப் பேசவில்லை; அதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். நோயாளியின் பெயரும் தேவையில்லை.

அனுப்பும் முன் சரிபார்க்க வேண்டியவை சில உண்டு. பயோமெட்ரிக் கருவி வாசலில் இருந்தால், வரிசையில் நின்ற நேரமும் தாமதமாகப் பதிவாகும். டூட்டி மாற்றிக்கொண்டது ரோஸ்டரில் ஏறாமல் போயிருக்கலாம். இரவு நர்ஸ் ஏன் அந்த இன்சுலினைப் போடவில்லை என்பதையும் கேட்க வேண்டும்; அவர் அப்போது வேறொரு நோயாளியை ஐ.சி.யு.வுக்கு மாற்றிக்கொண்டிருந்தால், முழுப் பழியும் தாமதமாக வந்தவர் மீது விழாது. அதே மாதம் அதே அளவு தாமதமாக வந்த மற்றவருக்கும் மெமோ போயிருக்கிறதா என்பதும் முக்கியம்.

கடைசிப் பத்தியில் இனி எதிர்பார்ப்பது என்ன, எந்தத் தேதியில் மறுபடி பார்ப்பார்கள், தொடர்ந்தால் அடுத்த நடவடிக்கை என்ன என்பவை இருக்க வேண்டும். பேருந்து நேரம், குழந்தைப் பராமரிப்பு போன்ற சிரமம் இருந்தால் ஷிஃப்ட் மாற்றம் கேட்கலாம் என்ற வரியும் சேரட்டும். கையெழுத்து வாங்கும் இடத்தில், "கடிதம் கிடைத்தது என்பதற்கு மட்டும்" என்று அச்சிட்டால், ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமோ என்ற பயமின்றி அவர் கையெழுத்திடுவார்.