எட்டெட்டாகக் கூட்டினால் எட்டு மடங்கா?

வரிசையாக அடுக்கி வைத்த எண்களை எல்லாம் கூட்டிச் சொல்: கணிப்பொறிக்கு இதைவிட எளிய வேலையைத் தர முடியாது. சி மொழியில் மூன்றே வரி.

```c
float s = 0;
for (size_t i = 0; i < n; i++)
    s += a[i];
```

இந்த லூப்பை வேகப்படுத்தி, எத்தனை மடங்கு வேகம் கூடியது என்று அளந்து காட்டுவது செயல்வேக ஆய்வகங்களுக்குப் பொருத்தமான பயிற்சி. அங்கே விநாடியைவிடப் பயன்படும் அளவுகோல், ஓர் எண்ணுக்கு எத்தனை கடிகாரத் துடிப்பு செலவானது என்பது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பிரையன்ட்டும் ஓஹாலரனும் எழுதிய பாடநூல் மாணவர்களிடையே பரப்பிய அளவு அது.

இன்டெல் 2015இல் வெளியிட்ட ஸ்கைலேக் தலைமுறையின் i7-6700 சிப்பை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு தசம எண்ணைக் கூட்டி விடை கைக்கு வர நான்கு துடிப்பு ஆகும். மேலே உள்ள லூப்பில் ஒவ்வொரு கூட்டலும் முந்தைய கூட்டலின் விடைக்காகக் காத்திருக்கிறது. `s` தெரியாமல் அடுத்த எண்ணைச் சேர்க்க வழியில்லை. ஆகவே ஓர் எண்ணுக்கு நான்கு துடிப்பு. 4,096 எண்களுக்கு 16,384 துடிப்பு. அந்த நேரத்தில் சிப்பின் பெரும்பகுதி சும்மாதான் இருக்கிறது.

இங்கேதான் சிம்டி வருகிறது. ஒரே கட்டளையில் பல எண்களுக்கு ஒரே வேலையைச் செய்யும் ஏற்பாடு அது. 1999இல் வந்த பென்டியம் 3 சிப்பில் 128 பிட் அகல ரெஜிஸ்டர்கள் இருந்தன. நான்கு தசம எண்கள் அதில் அருகருகே உட்காரும். 2011இல் ஏ.வி.எக்ஸ். வந்தபோது அகலம் 256 பிட்டாக, எண்கள் எட்டாகின. அசெம்பிளி மொழிக்குப் போகாமல், சி மொழியிலிருந்தே அந்தக் கட்டளைகளைப் பெயர் சொல்லி அழைக்கக் கம்பைலர் தரும் கைப்பிடிகள்தான் இன்ட்ரின்சிக்குகள்.

```c
__m256 v = _mm256_setzero_ps();
size_t i = 0;
for (; i + 8 <= n; i += 8)
    v = _mm256_add_ps(v, _mm256_loadu_ps(a + i));
```

பார்க்க மிரட்டலாக இருந்தாலும் சொல்வது சுருக்கம்தான். `v` என்பது எட்டு அறைகள் கொண்ட ரெஜிஸ்டர். முதலில் எல்லா அறையிலும் பூஜ்யம். பிறகு எட்டெட்டு எண்களாக நினைவகத்திலிருந்து எடுத்து, அறைக்கு ஒன்றாகக் கூட்டுகிறது. லூப் முடிந்ததும் எட்டு அறைகளையும் ஒன்றாகக் கூட்ட வேண்டும். எண்ணிக்கை எட்டால் வகுபடாவிட்டால் மிச்சம் நிற்கும் சிலவற்றைப் பழைய முறையில் சேர்க்க வேண்டும். இந்தக் கடைசி வேலையை மறந்தாலும் 4,096 எண்களில் சோதித்தால் தப்பு வெளியே தெரியாது. 4,099 எண்களில் சோதித்தால் குட்டு உடையும்.

4,096 எண்களுக்கு இப்போது 512 கூட்டல்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு துடிப்பு. மொத்தம் 2,048. எட்டு மடங்கு வேகம். பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள். ரெஜிஸ்டரில் எட்டு எண், வேகமும் எட்டு மடங்கு, கணக்கு சரிதானே என்று தோன்றும்.

ஆனால் காத்திருப்பு இன்னும் தீரவில்லை. இந்த சிப் துடிப்புக்கு இரண்டு வீதம் இத்தகைய கூட்டல்களைத் தொடங்க வல்லது. `v` ஒன்றே ஒன்று என்பதால் நான்கு துடிப்புக்கு ஒன்றைத்தான் தொடங்குகிறது. ஒரு ஈடு இட்லி வேகும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்காமல் பக்கத்து அடுப்பில் அடுத்த ஈட்டை ஏற்றுவதுபோல, `v0`, `v1`, `v2`, `v3` என்று நான்கு கூட்டுத்தொகைகளை வைத்துக்கொண்டால் ஒன்றின் விடை வருவதற்குள் மற்ற மூன்றையும் தொடங்கிவிடலாம். துடிப்புகள் 512க்கு இறங்கும். எட்டு கூட்டுத்தொகைகள் வைத்தால் 256. அதாவது முதல் லூப்பைப் போல 64 மடங்கு வேகம். லூப்பை ஓட்டும் செலவும் கடைசியில் அறைகளைக் கூட்டும் செலவும் இருப்பதால் நடைமுறையில் இதைவிடக் கொஞ்சம் கூடத்தான் ஆகும்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு அளக்கப் போவதில் ஒரு லாபம் உண்டு. அளவு கணக்குக்கு மேலே போனால் எங்கோ வீணாகிறது என்று பொருள். கீழே இறங்கினால் அளப்பதிலேயே கோளாறு. முதல் லூப்பை அளந்து, ஓர் எண்ணுக்கு 3.4 துடிப்பு என்று வந்தால் என்ன செய்வது? நான்குக்குக் கீழே போக அதற்கு வழியே இல்லை. சிக்கல் கடிகாரத்தில் இருக்கிறது. `rdtsc` என்ற கட்டளை எண்ணும் துடிப்பு, சிப்பின் அடிப்படை வேகமான 3.4 கிகாஹெர்ட்ஸில் மாறாமல் ஓடுவது. சிப்போ டர்போவில் 4 கிகாஹெர்ட்ஸுக்கு ஏறியிருக்கும். உண்மையான நான்கு துடிப்பு, அந்தக் கடிகாரத்தில் 3.4 என்று தெரிகிறது. லினக்ஸில் `perf stat -e cycles` என்று கேட்டால் சிப் உண்மையில் துடித்த கணக்கே கிடைக்கும்.

இன்னொரு பொறி, கூட்டுத்தொகையை எங்கும் அச்சிடாமல் விடுவது. விடை யாருக்கும் வேண்டாம் என்று கண்டுகொண்ட கம்பைலர் லூப்பையே நீக்கிவிடலாம். நேரம் ஏறக்குறையப் பூஜ்யம் என்று வரும். பழைய லூப்பை `-O0` என்றும் புதியதை `-O3` என்றும் கம்பைல் செய்து ஒப்பிடுவதும் உண்டு. அதில் வரும் வெற்றியில் பாதி கம்பைலருடையது.

4,096 எண்கள் 16 கிலோபைட். சிப்பின் பக்கத்திலேயே உள்ள 32 கிலோபைட் கேஷில் அடங்கிவிடும். இரண்டு கோடி எண்களைக் கொடுத்தால் 80 மெகாபைட். இந்த சிப்பின் மிகப் பெரிய கேஷே 8 மெகாபைட்தான் என்பதால் எண்கள் எல்லாம் முதன்மை நினைவகத்திலிருந்து வர வேண்டும். 4 கிகாஹெர்ட்ஸில் முதல் லூப் விநாடிக்கு 4 கிகாபைட் எண்களை விழுங்கும். இன்டெல் இந்த சிப்புக்குச் சொல்லும் நினைவக வேகத்தின் உச்சம் விநாடிக்கு 34.1 கிகாபைட். ஆக, என்ன வித்தை செய்தாலும் எட்டரை மடங்குக்கு மேல் போக முடியாது. 64 மடங்கு என்பது கேஷுக்குள் மட்டும் செல்லும் காசு. எட்டு கூட்டுத்தொகைகளை வைத்து எழுதியவரும் ஒன்றே ஒன்றை வைத்தவரும் இங்கே கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் நிற்பார்கள்.

இத்தனையையும் கம்பைலர் தானாகவே செய்திருக்கக் கூடாதா? இரண்டு கோடி எண்களும் 1.0 என்று வைத்துக் கூட்டிப் பார்த்தால் காரணம் தெரியும். முதல் லூப் தரும் விடை 16777216. எட்டு அறை லூப் தருவது 20000000. பிழையாகச் சொல்வது எளிய லூப்தான்! `float` வகைக்கு 24 பிட் துல்லியமே உண்டு. 16777216உடன் ஒன்றைக் கூட்டினால் வரும் எண்ணை அதில் எழுத முடியாது. விடை மறுபடி 16777216க்கே வட்டமிடப்பட்டு, அதற்குப் பின் எத்தனை ஒன்றுகளைச் சேர்த்தாலும் நகராது. எட்டு அறைகளில் பிரித்தபோது அறைக்கு 25 லட்சம் மட்டுமே என்பதால் அந்தச் சுவரில் மோதவில்லை.

கூட்டும் வரிசையை மாற்றினால் விடை மாறுகிறது. அதனால் எழுதிய வரிசையை மதித்து ஜி.சி.சி. அதை மாற்றாமல் விடுகிறது. வரிசையைப் பற்றிக் கவலையில்லை என்று `-ffast-math` மூலம் அனுமதி கொடுத்தால் `-O3 -mavx2`இல் அதுவே எட்டெட்டாகக் கூட்டத் தொடங்கிவிடும். முழு எண்களில் இந்தத் தகராறே கிடையாது. எந்த வரிசையில் கூட்டினாலும் விடை ஒன்றுதான். `float` என்ற இடத்தில் `int` என்று மாற்றி, `-O3 -mavx2` என்று கம்பைல் செய்தால் எந்த அனுமதியும் கேட்காமல் கம்பைலரே எட்டெட்டாகப் பிரித்துக்கொள்ளும். கையால் எழுதிய ஒற்றைக் கூட்டுத்தொகை இன்ட்ரின்சிக் லூப்புக்கும் மூன்று வரி லூப்புக்கும் அப்போது அளவில் பெரிய வித்தியாசம் தெரியாது.