இரட்டித்தால் கால் பங்கு: பல்பும் லக்ஸ் மீட்டரும் சொல்லும் கணக்கு

விளக்கிலிருந்து இரண்டு மடங்கு தள்ளிப் போனால் வெளிச்சம் பாதியாகாது, கால் பங்காகும். மூன்று மடங்கு தள்ளிப் போனால் ஒன்பதில் ஒரு பங்கு. பள்ளிக்கூடத்தில் இதை எதிர்த்தகவு இருமடி விதி என்று எழுதி மார்க் வாங்கியிருப்போம். ஆனால் ஒரு லக்ஸ் மீட்டரை எடுத்துக்கொண்டு வீட்டு பல்புக்கு முன்னால் உட்கார்ந்தால், முதல் முயற்சியிலேயே கணக்கு உதைக்கும். விதியில் பிழை இல்லை. அறையிலும் நாம் டேப் பிடிக்கும் விதத்திலும்தான் விஷயம் இருக்கிறது. எங்கே உதைக்கிறது, ஏன் உதைக்கிறது என்று துருவிப் பார்ப்பதுதான் இந்தச் சோதனையின் உண்மையான ருசி.

விதி எங்கிருந்து வருகிறது என்பதை ஓர் அட்டையில் பார்த்துவிடலாம். அட்டையின் நடுவே 5 சென்டிமீட்டர் சதுரமாக ஓட்டை வெட்டி, சின்னஞ்சிறு விளக்கு ஒன்றுக்கு 30 சென்டிமீட்டர் முன்னால் நிறுத்துங்கள். ஓட்டை வழியாகப் போகும் ஒளி, விளக்கிலிருந்து 60 சென்டிமீட்டரில் இருக்கும் வெள்ளைத் தாளில் 10 சென்டிமீட்டர் சதுரமாக விழும். பக்கம் இரட்டித்தது, பரப்பு நான்கு மடங்கானது. ஓட்டை வழியே வந்த ஒளியில் எதுவும் தொலையவில்லை. அதே ஒளி நான்கு மடங்கு இடத்தில் பரவியிருக்கிறது. ஆகவே தாளின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் கிடைப்பது கால் பங்கு. கெப்ளர் 1604இல் வெளியான தம் ஒளியியல் நூலில் சொன்னதும் இதே வடிவியல்தான். கோள்களின் பாதைகளுக்காகப் பெயர் பெற்ற அதே கெப்ளர்.

சொல்வது சுலபம், அளப்பது அப்படி இல்லை. கண் இதற்கு லாயக்கற்ற கருவி. நான்கு மடங்கு வெளிச்சத்தைக் கண் நான்கு மடங்காக உணராது. இருட்டுக்கும் பிரகாசத்துக்கும் ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொண்டுவிடும். ஆனால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு வெளிச்சங்கள் சமமா இல்லையா என்பதை மட்டும் நன்றாகச் சொல்லும். 18ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் பியர் பூகே இந்த ஒரு திறமையை வைத்தே ஒளியை அளக்கும் கலையைத் தொடங்கிவைத்தார். ஒரே மாதிரியான மெழுகுவத்திகளில் ஒன்றை ஒரு தூரத்திலும், நான்கைச் சேர்த்து இரு மடங்கு தூரத்திலும் வைத்து, இரண்டும் விழும் தாளின் இரு பாதிகளும் ஒன்றுபோலத் தெரிகின்றனவா என்று பார்ப்பது இந்த வழியில் வரும் சோதனை. மீட்டர் இல்லாதவர்கள் இன்றைக்கும் இப்படிச் செய்து பார்க்கலாம்.

நம் கையில் மீட்டர் இருக்கிறது. அது காட்டும் லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதன் அளவு. மலிவான மீட்டராக இருந்தாலும் கவலை வேண்டாம். எல்லா அளவையும் பத்து சதவீதம் கூட்டியே காட்டுகிற மீட்டர்கூட இந்தச் சோதனைக்குப் போதும், ஏனென்றால் நாம் பார்ப்பது ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள விகிதத்தை. கூட்டிக் காட்டும் பத்து சதவீதம் வகுக்கும்போது அடிபட்டுப் போய்விடும்.

விளக்கைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். டியூப்லைட் கூடாது, டார்ச்சும் கூடாது. காரணம் பின்னால் வரும். சாதாரண 9 வாட் எல்.இ.டி. பல்பு போதும். அதை ஹோல்டரில் மாட்டி, குமிழின் நுனி மீட்டரைப் பார்க்கும்படி படுக்கைவாட்டில் நிறுத்தி, எரியவிட்டு அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். எல்.இ.டி. சூடேறும்போது அதன் ஒளி கொஞ்சம் குறையும். பல்பைப் போட்டவுடன் அளக்கத் தொடங்கினால், தூரத்தால் குறைந்தது எது, சூட்டால் குறைந்தது எது என்று பிரிக்க முடியாது. எல்லாம் அளந்து முடித்தபின் முதல் இடத்துக்குத் திரும்பி இன்னொரு முறை அளந்து பாருங்கள். பழைய எண்ணே வந்தால் பல்பு நிலையாக எரிந்திருக்கிறது என்று நம்பலாம்.

மீட்டரின் வெள்ளைக் குமிழ் பல்பை நேராகப் பார்க்க வேண்டும், ஒரே நேர்கோட்டில்தான் அதைப் பின்னால் நகர்த்த வேண்டும். பல்பு எல்லாத் திசையிலும் ஒரே அளவு ஒளி தருவதில்லை. பக்கவாட்டில் விலகினால் வேறொரு பல்பை அளந்த மாதிரிதான். பளபளப்பான மேஜையாக இருந்தால் கறுப்புத் துணியை விரித்துவிடுங்கள்.

இனி எண்கள். புரிவதற்காக, ஒரு வெள்ளைச் சுவர் அறையில் வரக்கூடிய அளவுகளைக் கணக்கிட்டு எடுத்துக்கொள்கிறேன். குமிழின் நுனியிலிருந்து 30 சென்டிமீட்டரில் மீட்டர் 924 லக்ஸ் காட்டுகிறது. விதிப்படி 60இல் 231, 120இல் 58, 240இல் 14 வர வேண்டும். வருவதோ 258, 72, 23. எல்லாமே கூடுதல், அதுவும் தூரம் போகப் போக மோசம்: கடைசி அளவு எதிர்பார்த்ததைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல்.

முதல் குற்றவாளி சுவர். பல்பிலிருந்து மீட்டருக்கு நேரே வரும் ஒளி மட்டுமே விதிக்குக் கட்டுப்படும். சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒளி பல முறை எதிரொளித்து அறை முழுக்கப் பரவிக் கிடக்கும். மீட்டரை எங்கே வைத்தாலும் அதன் அளவு பெரிதாக மாறாது. அதைத் தனியாகப் பிடிக்க ஓர் எளிய வழி உண்டு. பல்பைவிடச் சற்றுப் பெரிய கறுப்பு அட்டை ஒன்றை, பல்புக்கும் மீட்டருக்கும் நடுவில் பிடியுங்கள். அட்டையின் நிழல் வெள்ளைக் குமிழை முழுதாக மூட வேண்டும், அதற்கு மேல் பெரிதாக இருக்கக் கூடாது; பெரிய அட்டை சுவரிலிருந்து வருவதையும் மறைத்துவிடும். இப்போது மீட்டர் காட்டுவது முழுக்க முழுக்கச் சுவர் வெளிச்சம். நம் அறையில் அது எல்லா இடத்திலும் 6 லக்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 924இல் ஆறு என்பது தூசு. 23இல் ஆறு என்பது கால் பங்குக்கும் மேல். கோளாறு தூரத்தில் பெரிதாகத் தெரிந்ததன் காரணம் இதுதான். அளக்கிறவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மீட்டர் அருகே குனிந்தாலும் இதே வேலை நடக்கும். சட்டையும் ஒரு சுவர்தான்.

ஆறைக் கழித்தால் 918, 252, 66, 17. பரவாயில்லை, ஆனால் இன்னும் சரியில்லை. 918இல் கால் பங்கு 229.5 அல்லவா, 252 அல்லவே. இந்த மிச்சத்தை நன்றாகக் கவனியுங்கள்: அதற்கடுத்த 252இலிருந்து 66க்கு வரும் விகிதம் 3.8, கடைசியில் 66இலிருந்து 17க்கு ஏறக்குறைய 3.9. தூரம் போகப் போக விதிக்கு நெருங்குகிறது. பக்கத்தில்தான் கோளாறு அதிகம். ஆக, இது சுவரின் வேலை இல்லை.

டேப்பின் பூஜ்யத்தை எங்கே வைத்தோம்? குமிழின் நுனியில். ஆனால் ஒளி நுனியிலிருந்தா கிளம்புகிறது? தூரத்திலிருந்து பார்க்கும்போது, குமிழுக்குள்ளே எங்கோ ஒரு புள்ளியிலிருந்து எல்லா ஒளியும் புறப்பட்ட மாதிரிதான் அது நடந்துகொள்கிறது. அந்தப் புள்ளி எவ்வளவு உள்ளே இருக்கிறது என்பதை அளவுகளே சொல்லிவிடும். 918ஐ 252ஆல் வகுத்தால் 3.64, அதன் வர்க்கமூலம் 1.91. அதாவது இரண்டாவது தூரம் உண்மையில் முதல் தூரத்தின் 2 மடங்கு இல்லை, 1.91 மடங்குதான். இரண்டு தூரத்தோடும் 3 சென்டிமீட்டரைக் கூட்டிப் பாருங்கள்: 63ஐ 33ஆல் வகுத்தால் 1.91. ஒளியின் பிறப்பிடம் குமிழின் நுனிக்கு 3 சென்டிமீட்டர் உள்ளே. இந்த 3 சென்டிமீட்டர் 30உடன் சேர்ந்தால் பத்தில் ஒரு பங்கு, 240உடன் சேர்ந்தால் ஒன்றுமே இல்லை. பக்கத்தில் மட்டும் கணக்கு உதைத்தது அதனால்தான்.

திருத்திய தூரங்களை மீட்டரில் எழுதிக்கொண்டு, தூரத்தின் வர்க்கத்தை லக்ஸால் பெருக்குங்கள். 0.33இன் வர்க்கத்தை 918ஆல் பெருக்கினால் 100. 0.63க்கு 100. 1.23க்கு 99.9. 2.43க்கு 100.4. நான்கு இடத்திலும் ஒரே எண். அந்த நூறுதான் அந்தத் திசையில் பல்பின் ஒளிச்செறிவு, 100 கேண்டிலா. மீட்டர் கூட்டிக் காட்டுகிறதென்றால் இந்த எண்ணும் கூடுதலாக இருக்கும். ஆனால் நான்கும் ஒன்றாக இருப்பது மாறாது.

டியூப்லைட்டை ஏன் ஒதுக்கினோம்? விதி, புள்ளி போன்ற விளக்குக்கு உரியது. விளக்கின் அகலத்தைப் போல ஐந்து மடங்காவது தள்ளி நின்றால் அதைப் புள்ளியாகக் கருதலாம், பிழை ஒரு சதவீதத்துக்குள் நிற்கும் என்பது இந்தத் துறையில் புழங்கும் கணக்கு. நம் பல்பின் குமிழ் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் அகலம். 30 சென்டிமீட்டரில் தொடங்கியது அதனால்தான். நான்கடி டியூப்லைட்டுக்கு இதே கணக்கு போட்டால் 6 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், அவ்வளவு நீளமான அறை எத்தனை வீட்டில் இருக்கிறது? டியூபுக்கு ஓரிரு அடி தூரத்துக்குள் வெளிச்சம் தூரத்தை இரட்டித்தால் கிட்டத்தட்டப் பாதியாகத்தான் குறையும், கால் பங்காக அல்ல. டார்ச்சின் கதை வேறு. அதன் குழிந்த கண்ணாடி ஒளியைக் குவித்து அனுப்புவதால், ஒளி டார்ச்சுக்கு வெகு பின்னாலிருந்து வருவது போல நடந்துகொள்ளும். நம் பல்பில் 3 சென்டிமீட்டராக இருந்த திருத்தம் அதில் மீட்டர் கணக்கில் போய்விடலாம்.

எண்களைத் தோதாக வளைத்துவிட்டோமோ என்ற சந்தேகம் வரவேண்டியதுதான். இரண்டு திருத்தம் செய்தால் எந்தக் கணக்கையும் ஒட்டவைக்கலாமே. அதற்கு ஒரே பரீட்சை, இதுவரை அளக்காத தூரம் ஒன்றை எடுத்துக்கொண்டு விடையை முன்கூட்டியே எழுதிவைப்பது. 75 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 3 கூட்டினால் 78. நூறை 0.78இன் வர்க்கத்தால் வகுத்தால் 164, சுவரின் ஆறைச் சேர்த்தால் 170 லக்ஸ். தாளில் 170 என்று எழுதிவிட்டு மீட்டரை வையுங்கள். 168, 172 என்று வந்தால் தாராளமாக ஏற்றுக்கொள்ளலாம். 150 வந்தால் மீட்டர் கோணலாகப் பார்க்கிறதா, உங்கள் தோள் நடுவில் வருகிறதா என்று பாருங்கள். 185 வந்தால் யாரோ கதவைத் திறந்திருக்கிறார்கள்.